ஒரு ரூபாய் வட்டி என்பது 12 சதவீதமா, 21 சதவீதமா? இஎம்ஐ கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

திருப்பதி, சித்தூர், நகரி, புத்தூர் பக்கம் கடன் பற்றிப் பேசும்போது யாரும் "வருஷத்துக்கு இத்தனை சதவீதம்" என்று பேசுவதில்லை. "ஒரு ரூபாய் வட்டி", "ரெண்டு ரூபாய் வட்டி" என்பதுதான் பேச்சு. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு ரூபாய் வட்டி. தமிழில் பேசினாலும் தெலுங்கில் பேசினாலும் இதே கணக்குதான். ஆந்திர அரசு 2004இல் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொண்டுவந்த வட்டிச் சலுகைத் திட்டத்துக்குக்கூட 'பாவலா வட்டி' என்றுதான் பெயர். பாவலா என்றால் கால் ரூபாய். நூறு ரூபாய்க்கு மாதம் 25 காசு, அதாவது வருடத்துக்கு 3 சதவீதம். அதற்கு மேல் வரும் வட்டியை அரசு ஈடுகட்டும் என்பது திட்டம்.

இந்த ரூபாய்க் கணக்கில் ஒரு தவறும் இல்லை. ஒரு லட்சம் வாங்குகிறீர்கள், மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வட்டி மட்டும் கட்டுகிறீர்கள், இரண்டு வருடம் கழித்து அசல் ஒரு லட்சத்தை மொத்தமாகத் திருப்பித் தருகிறீர்கள். இங்கே ஒரு ரூபாய் வட்டி என்பது சரியாக வருடத்துக்கு 12 சதவீதம். 24 மாதமும் முழு ஒரு லட்சமும் உங்கள் கையில்தான் இருந்தது, அதற்கு 24,000 ரூபாய் வட்டி கொடுத்தீர்கள்.

சிக்கல் வருவது அதே கணக்கைத் தவணைக் கடனுக்குப் பொருத்தும்போதுதான். பைக் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடன் ஒரு லட்சம், 24 மாதத் தவணை. "வட்டி 12 பர்சன்ட்தான் சார். வருஷத்துக்கு 12,000, ரெண்டு வருஷத்துக்கு 24,000. மொத்தம் 1,24,000. அதை 24ஆல வகுத்தா மாசம் 5,167. அவ்வளவுதான்" என்கிறார் விற்பனையாளர். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தால் அவர் சொன்ன எண்கள் எல்லாமே சரியாக இருக்கும். ஆனால் நீங்கள் கட்டப்போவது 12 சதவீத வட்டி இல்லை, 21.6 சதவீத வட்டி.

எப்படி? முதல் மாதத் தவணையிலேயே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். பாதித் தவணை முடியும்போது பாதிக்கு நெருக்கமான அசல் கடன் கொடுத்தவரிடமே போய்விட்டது. கடைசி மாதத்தில் உங்கள் கையில் இருப்பது ஐந்தாயிரம் ரூபாய் அளவுதான். ஆனால் வட்டி மட்டும் 24 மாதமும் முழு ஒரு லட்சத்துக்குப் போடப்பட்டிருக்கிறது. இதற்குப் பெயர் ஃபிளாட் ரேட். ஒவ்வொரு மாதமும் மிச்சம் இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் அது ரெட்யூசிங் பேலன்ஸ், அதாவது குறையும் நிலுவை முறை. வங்கி வீட்டுக் கடனில் நடப்பது இரண்டாவது.

குறையும் நிலுவையில் இஎம்ஐ எப்படி வருகிறது?

அதே ஒரு லட்சம், அதே 12 சதவீதம், அதே 24 மாதம். ஆனால் குறையும் நிலுவை. மாதத்துக்கு வட்டி 1 சதவீதம்.

இதைப் புரிந்துகொள்ள நேர்வழி, கடன் கொடுத்தவர் பக்கத்தில் நின்று பார்ப்பது. அவர் அந்த ஒரு லட்சத்தை உங்களுக்குத் தராமல் மாதம் 1 சதவீதத்தில் 24 மாதம் வளரவிட்டிருந்தால் அது 1,26,973 ரூபாய் ஆகியிருக்கும். இப்போது நீங்கள் மாதாமாதம் ஒரே ஒரு ரூபாய் கட்டுவதாக வையுங்கள். அந்த ரூபாய்களையும் அவர் அதே 1 சதவீதத்தில் வளரவிட்டால் 24ஆவது மாத முடிவில் அது 26.9735 ரூபாய் ஆகும். அப்படியென்றால் 1,26,973 வருவதற்கு மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 4,707 ரூபாய். அதுதான் இஎம்ஐ. பாடப்புத்தகத்தில் பயமுறுத்தும் சூத்திரம் இதையே சுருக்கமாகச் சொல்கிறது:

```
EMI = P × r × (1+r)^n / ((1+r)^n − 1)
```

இதில் `P` என்பது அசல், `r` என்பது மாத வட்டி (12 சதவீதம் என்றால் 0.12ஐ 12ஆல் வகுத்து 0.01), `n` என்பது மாதங்களின் எண்ணிக்கை. பலரும் சறுக்கும் இடம் `r`தான். வருட வட்டியை அப்படியே போட்டுவிடுவார்கள், விடை தலைசுற்றும் அளவுக்கு வரும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் இதைக் கையால் போட வேண்டியதே இல்லை:

```
=PMT(12%/12, 24, -100000)
```

விடை 4,707.35. இதை 24ஆல் பெருக்கினால் மொத்தம் கட்டுவது 1,12,976 ரூபாய். அசலைக் கழித்தால் வட்டி 12,976. மொத்த வட்டி கண்டுபிடிக்க இதைவிடப் பெரிய கணக்கு எதுவும் கிடையாது. இஎம்ஐயை மாதங்களால் பெருக்கி அசலைக் கழித்தால் போதும்.

விற்பனையாளர் கணக்கில் வட்டி 24,000. இங்கே 12,976. இரண்டுக்கும் பெயர் '12 சதவீதம்'தான். வித்தியாசம் 11,024 ரூபாய்.

உள்ளே என்ன நடக்கிறது என்று மாதவாரியாகவும் பார்த்துவிடலாம். முதல் மாதம் ஒரு லட்சத்துக்கு 1 சதவீதம், வட்டி 1,000. கட்டிய 4,707இல் அது போக 3,707 அசலுக்குப் போகிறது. நிலுவை 96,293. இரண்டாவது மாத வட்டி அந்த 96,293க்கு மட்டும், அதாவது 963. அசலுக்கு 3,744 போகிறது. நிலுவை 92,548. இப்படியே போய், கடைசித் தவணையில் வட்டி வெறும் 47 ரூபாய். இஎம்ஐ மாறுவதில்லை, அதற்குள் வட்டியும் அசலும் இடம் மாற்றிக்கொள்கின்றன. நடுவே 12 மாதம் முடிந்த நிலையில் நிலுவை 52,982. பாதிக் காலம் போயும் பாதி அசல் தீரவில்லை என்பதைக் கவனியுங்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. ஆரம்பத்தில் நிலுவை அதிகம், அதனால் வட்டியும் அதிகம்.

சொன்ன வட்டி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்டால் போதாது. உங்களுக்குத் தேவையானவை மூன்றே எண்கள்: கையில் வரும் தொகை, மாதத் தவணை, எத்தனை மாதம். இவை தெரிந்தால் உண்மையான வட்டியைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்கலாம். ஷீட்டில் அதற்கான சூத்திரம் `RATE`:

```
=RATE(24, -5166.67, 100000)*12
```

விடை 21.57 சதவீதம். விற்பனையாளர் சொன்ன 12 இதுதான்.

ஷீட் இல்லாத இடத்தில் ஒரு குத்துமதிப்புக் கணக்கு உதவும். இரண்டு, மூன்று வருடத் தவணை, 12 சதவீதத்தை ஒட்டிய ஃபிளாட் ரேட் என்றால், சொன்ன சதவீதத்தை 1.8ஆல் பெருக்குங்கள். தவணைக் காலம் முழுக்கச் சராசரியாக உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய பாதி அசல்தான் என்பதால் உண்மை வட்டி இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவாக வந்து நிற்கும். பைக், நகைக் கடைத் தவணை, வீட்டு உபயோகப் பொருள் என எங்கே "வருஷத்துக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு, வகுத்தா இவ்வளவு" என்ற வரிசையில் பேச்சு வருகிறதோ, அங்கே ஃபிளாட் ரேட் இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கட்டணங்களும் இதே கணக்கில் சேரும். அந்த ஒரு லட்சத்தில் 2,000 ரூபாயைப் பிராசஸிங் கட்டணமாகக் கழித்துக்கொண்டு 98,000 மட்டும் தந்தால், சூத்திரத்தில் 1,00,000க்குப் பதில் 98,000 போட வேண்டும். வட்டி 23.7 சதவீதமாக ஏறும். 'அட்வான்ஸ் இஎம்ஐ' என்று முதல் தவணையை அன்றே வாங்கிக்கொள்வதும் இதே ரகம்தான். கையில் வரும் தொகை குறைகிறது, பேப்பரில் வட்டி மாறுவதில்லை.

இன்னொரு அடையாளமும் உண்டு, ஆனால் அது தாமதமாகத்தான் தெரியும். ஒரு வருடம் கட்டிவிட்டு கடனை முன்கூட்டியே முடிக்கப் போகிறீர்கள். "பாதி கட்டியாச்சு, 50,000 இருக்கும்" என்று நினைத்துப் போனால் ஸ்டேட்மென்டில் 55,300 ரூபாய் என்று இருக்கும். ஏனென்றால் வாய் வார்த்தைக்கு ஃபிளாட் ரேட் சொன்னாலும், கம்ப்யூட்டரில் கணக்கு பெரும்பாலும் 21.57 சதவீதக் குறையும் நிலுவையாகத்தான் ஓடுகிறது. நிறுவனத்துக்கே உண்மையான எண் எது என்று நன்றாகத் தெரியும்.

ஆந்திரா கொடுத்த விலை

இது வெறும் பைக் ஷோரூம் விஷயம் இல்லை. இந்தியாவில் இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையிலான வித்தியாசம் சட்டப் பிரச்சினையாக வெடித்த இடம் பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசம். கிராமம் கிராமமாகப் பெண்கள் குழுக்களுக்குச் சிறுகடன் கொடுத்த மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனங்கள் அங்கே வேகமாக வளர்ந்தன. வசூல் பெரும்பாலும் வாரத்தவணை. வட்டி சொல்லப்பட்டது பல இடங்களில் ஃபிளாட் ரேட்டில்.

அந்தக் காலத்துக் கடன் ஒன்றின் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய், 50 வாரம், வாரம் 225 ரூபாய். மொத்தம் கட்டுவது 11,250. வட்டி 1,250, ஆக "பன்னிரண்டரை பர்சன்ட்தானே" என்று தோன்றும். இதே மூன்று எண்களை `RATE`இல் போட்டு, வாரக் கணக்கு என்பதால் 52ஆல் பெருக்கினால் 24.5 சதவீதம் வருகிறது. இதற்கு மேல் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஒரே வீட்டில் மூன்று, நான்கு நிறுவனங்களின் கடன் இருக்கும்போது, எது மலிவு எது விலை அதிகம் என்று ஒப்பிடுவதற்கு அந்தப் பெண்களிடம் பொதுவான எண் எதுவும் இல்லை.

கட்டாய வசூல் பற்றியும் கடன் வாங்கியவர்களின் தற்கொலைகள் பற்றியும் செய்திகள் குவிந்த நிலையில், 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், வட்டி விகிதத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும், வசூலிக்கும் வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்றது அது. வசூல் முடங்கியது, அதில் நிறுவனங்களும் அடிவாங்கின. அதே மாதம் ரிசர்வ் வங்கி ஒய்.எச்.மாலேகம் தலைமையில் குழு அமைத்தது. குழு 2011 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அதையொட்டி 2011இல் வந்த விதிகள் மைக்ரோஃபைனான்ஸ் வட்டிக்கு 26 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தன. அதைவிட முக்கியம் என்று எனக்குப் படுவது பக்கத்திலேயே இருந்த நிபந்தனை: அந்த 26 சதவீதத்தைக் குறையும் நிலுவை முறையில்தான் கணக்கிட வேண்டும். அது இல்லாவிட்டால் 26 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. உச்சவரம்பை 2022இல் ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டது. வட்டியையும் கட்டணங்களையும் எளிய விவரத் தாளில் கடன் வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது.

இப்போது அந்தப் பாதுகாப்பு மாதச் சம்பளக்காரர்களான உங்களுக்கும் வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் புதிய தனிநபர் தவணைக் கடன்களுக்கு 'முக்கியத் தகவல் அறிக்கை' தர வேண்டும். இதில் `APR` என்று ஒரு வரி இருக்கும். வட்டி, பிராசஸிங் கட்டணம் உள்பட எல்லாவற்றையும் சேர்த்த வருடாந்திரச் செலவு அது. நாம் மேலே போட்ட 23.7 மாதிரியான எண். மாதவாரியாக எவ்வளவு வட்டி, எவ்வளவு அசல் என்ற அட்டவணையும் அதோடு வரும். அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. கையெழுத்துப் போடும் முன் இந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க. இரண்டு இடங்களில் கடன் பார்க்கிறீர்கள் என்றால் ஒப்பிட வேண்டியது விளம்பரத்தில் இருக்கும் சதவீதத்தை இல்லை, இந்த `APR` வரியைத்தான்.

வீட்டுக் கடனில் ஏமாற்றுவது சதவீதம் இல்லை, காலம்

வீட்டுக் கடன் குறையும் நிலுவை முறையில்தான் வருகிறது, எனவே ஃபிளாட் ரேட் பயம் இல்லை. ஆனால் காலம் நீளும்போது அதே சூத்திரம் வேறு முகம் காட்டும்.

30 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம். இஎம்ஐ 26,035. முதல் மாத வட்டி மட்டும் 21,250. அசலில் குறைவது 4,785 ரூபாய்தான். தவணையில் வட்டியை விட அசல் பங்கு அதிகமாகும் நாள் எப்போது வரும் என்று கணக்குப் போட்டால், அது 143ஆவது மாதம். அதாவது கிட்டத்தட்ட 12 வருடம் கழித்து. 240 மாத முடிவில் மொத்தம் கட்டியது 62.48 லட்சம், அதில் வட்டி 32.48 லட்சம்.

இதையே 15 வருடத்தில் முடித்தால் இஎம்ஐ 29,542. மாதம் சுமார் 3,500 ரூபாய் அதிகம். மொத்த வட்டி 23.18 லட்சமாகக் குறைகிறது, மிச்சம் 9.3 லட்சம். இது ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்றால், அந்த 3,500 முழுவதும் அசலுக்குப் போகிறது. முதல் மாதம் 4,785 குறைய வேண்டிய அசல் 8,292 குறைகிறது. அதனால் அடுத்த மாத வட்டியே சிறிதாகிறது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாதம் 3,500 என்பது சிலருக்கு நிஜமான சுமை. அப்படியிருந்தால் 20 வருடமே போட்டுவிட்டு, போனஸ் வரும் வருடங்களில் அசலில் கூடுதலாகக் கட்டலாம். மாறும் வட்டியில் இருக்கும் தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டினால் அபராதக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. அப்படிக் கட்டும்போது இஎம்ஐயைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்பார்கள். வட்டி மிச்சமாக வேண்டுமென்றால் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மாறும் வட்டியில் இன்னொரு பொறி இருக்கிறது. ரெப்போ விகிதம் 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் அது 6.5. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீதம் ஏற்றம். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் இதுபோன்ற வெளி விகிதத்தோடு கட்டப்பட்டவை என்பதால் அந்த ஏற்றம் அப்படியே கடனில் இறங்கியது. 7 சதவீதத்தில் 30 லட்சத்தை 20 வருடத்துக்கு எடுத்தவருக்கு இஎம்ஐ 23,259. அவர் பத்துத் தவணை கட்டி முடித்ததும் நிலுவை சுமார் 29.41 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 9.5 ஆனதும் அந்த மாத வட்டி எவ்வளவு? 23,282 ரூபாய். கட்டும் இஎம்ஐயை விட 23 ரூபாய் அதிகம். இஎம்ஐயை மாற்றாமல் விட்டால் தவணை தவறாமல் கட்டியும் கடன் குறையாது, வளரும். இந்த நிலையில் கடன் எத்தனை மாதத்தில் தீரும் என்று ஷீட்டைக் கேட்டால் விடையே வராது:

```
=NPER(9.5%/12, -23259, 2941000)
```

பிழை என்று காட்டும். அந்த இஎம்ஐயில் கடன் தீரவே தீராது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இஎம்ஐயை அப்படியே வைத்துக் காலத்தை மட்டும் சத்தமில்லாமல் நீட்டும் பழக்கம் வங்கிகளுக்கு இருந்ததால், பலருக்கு இது தெரியவே இல்லை. 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி இதற்காகவே தனிச் சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது இஎம்ஐயை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை உங்களுக்குத் தர வேண்டும். காலத்தை நீட்டுவது நிலுவை வளரும் நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொரு காலாண்டுக்கும் இதுவரை கட்டிய அசல், வட்டி, மீதமுள்ள தவணைகள் ஆகியவற்றைக் காட்டும் ஸ்டேட்மென்ட் தர வேண்டும். உங்களுக்கு வந்த கடைசி ஸ்டேட்மென்டில் 'மீதமுள்ள தவணைகள்' என்ற எண்ணை, ஒரு வருடத்துக்கு முந்தையதோடு ஒப்பிட்டுப் பாருங்க. 12 குறைந்திருக்க வேண்டும். குறையாமல் இருந்தாலோ, ஏறியிருந்தாலோ, உங்களைக் கேட்காமலே காலம் நீட்டப்பட்டிருக்கிறது. கிளைக்குப் போய் இஎம்ஐயை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம்.